உள்ளே தங்கிய முள்: அறியும் அடையாளங்களும் படத்தால் காணும் முறையும்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த கிராமங்களில் உழவும் மீன்பிடியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் தொழில்களாக இருக்கின்றன. ஆண்டார்மடம், திருப்பாலைவனம் முதலிய ஊர்களின் வயல்களில் வரப்பு வெட்டி வேலி அடைக்கும் ஆள், வேறொரு நாள் ஏரியில் இறங்கி இறால் பிடிக்கவோ வலை இழுக்கவோ போகிறான். ஆகவே அவன் கைகால்களிற் குத்தும் பொருள்களும் இருவகைப்படுகின்றன. நிலத்தில் வேலிக்காத்தான் முள், ஈச்ச முள், பனைமட்டைக் கருக்கு, மூங்கிற் சிம்பு ஆகியவை. நீரில் கெளுத்தி முள், திருக்கை முள், சிப்பி ஓடு, உடைந்த கண்ணாடி ஆகியவை. ஏறின பொருள் முழுமையாக வெளிவந்துவிட்டால் புண் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் நுனி முறிந்து உள்ளே தங்கிவிட்டாலோ, மாதக்கணக்காக வேலை கெடுவதோடு சிற்சில வேளைகளில் விரலே மடங்காமற் போவதும் உண்டு.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை ஒன்றைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம். நீரிற் குத்தும் பொருள்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தில் தெரியும். நிலத்திற் குத்தும் முள்ளும் சிம்பும் பெரும்பாலும் தெரியமாட்டா. எனவே, முள் குத்தின ஒருவனுக்கு எக்ஸ்ரே எடுத்து, “படத்தில் ஒன்றும் இல்லை” என்று எழுதி வந்தால், அதனால் உள்ளே முள் இல்லை என்று ஆகிவிடாது. இக்கட்டுரையின் கருத்து இதுவே.

வேலிக்காத்தானின் முள்

சீமைக்கருவேல் என்றும் வேலிக்காத்தான் என்றும் வழங்கும் இம்மரம் நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இதன் விதைகள் 1877-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்திற் புகுத்தப்பட்டன. உவர் நிலத்திலும் வறட்சியிலும் தாங்கி வளர்வதால், விறகுக்கும் வேலிக்கும் உதவி, இன்று ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் அடர்ந்து நிற்கிறது. 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதனை அகற்றும்படி உத்தரவிட்டபின் பல ஊர்களில் வெட்டும் வேலை மும்முரமாய் நடந்தது. வெட்டும் வேலை நடக்கும் இடத்தில் முள் குத்துவதும் மிகும்.

இதன் முட்கள் கணுவுக்கு இரண்டாக, இணையாக நிற்பவை. முதிர்ந்த முள் 5 சென்டிமீட்டர் வரை நீளும். செருப்பின் அடியையும் சைக்கிள் டயரையும் துளைக்கும் உறுதி இதற்கு உண்டு. ஆயினும் நுனி மெலிந்திருப்பதால், குறுக்கே இழுக்கும்போது உள்ளே முறிந்து நின்றுவிடுகிறது. பிடுங்கின முள்ளை உடனே எறிந்துவிடுவது வழக்கம். அதனை எறியாமல் வைத்துக்கொண்டு, நுனி கூராயிருக்கிறதா, மழுங்கி முறிந்திருக்கிறதா என்று வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். அதே கணுவில் நிற்கும் இணைமுள்ளையும் வெட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எவ்வளவு குறைகிறது என்பது ஏறக்குறைய விளங்கும். இணைமுட்கள் எப்பொழுதும் சமநீளமாய் இரா. ஆகையால் இது தோராயமான அளவேயாயினும், வைத்தியருக்கு மிகவும் பயன்படும் செய்தியாகும்.

தங்கியிருப்பதன் அடையாளங்கள்

முள் குத்தின அன்று வலிப்பதும் சிவப்பதும் இயல்பு. அவை நாளுக்கு நாள் குறைந்து வந்தால் கவலையில்லை. கீழ்க்கண்டவற்றுள் யாதேனும் ஒன்று காணப்படின், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரே புள்ளியில் நிற்கும் வலி. தீக்குச்சியின் மழுங்கிய முனையால் அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக அழுத்தி வந்தால், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் சுரீரென்று குத்தும். அடிபட்டவனே, “உள்ளே என்னவோ நெருடுகிறது” என்று சொல்வான். அவன் சொல்லை அலட்சியம் செய்யலாகாது.

இரண்டாவது, ஆறி மீண்டும் உடையும் புண். மேல்தோல் மூடிக்கொள்ளும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் வீங்கிச் சீழ் கசியும், மருந்து சாப்பிட்டால் அடங்கும், மருந்தை நிறுத்தினால் திரும்பும். கிருமியைக் கொல்லும் மருந்து சுற்றிலுமுள்ள தசைக்குள் செல்லுமேயன்றி, இரத்த ஓட்டமற்ற மரத்துண்டுக்குள் செல்லாது. முள் இருக்கும்வரையில் கிருமிக்கு அது புகலிடமாகிறது. ஆகவே ஒருமுறை மருந்தில் அடங்கித் திரும்பவும் வந்த வீக்கத்துக்கு இரண்டாம் முறையும் அதே மருந்தை வாங்கித் தருவது காலத்தை வீணாக்குவதாகும்.

மூன்றாவது, சீழில்லாமல் கட்டியாகும் தடிப்பு. உடம்பு அந்நியப் பொருளைச் சுற்றி ஓர் உறை கட்டுகிறது. சுண்டைக்காய் அளவில் கெட்டியான முண்டு ஒன்று தோலின் கீழ்த் தட்டுப்படும். வலி மிகுதியாயிராது. இது மாதங்கள் கழித்துத் தோன்றுவதால், முள் குத்தினதே மறந்துபோயிருக்கும்.

நான்காவது, மூட்டின் விறைப்பு. விரற் கணுவிலோ முழங்காலிலோ முள்நுனி புகுந்துவிட்டால், காய்ச்சலின்றியே அந்த ஒரு மூட்டு மட்டும் வீங்கி, காலையில் விறைத்திருக்கும். ஈச்சை, பனை முதலியவற்றின் முள்ளால் இது வருவதை வைத்தியர்கள் நன்கறிவார்கள். வாதநோய் என்றெண்ணித் தைலம் தடவிக்கொண்டிருப்பவர்களை, “அந்த மூட்டில் எப்பொழுதாவது முள் ஏறியதுண்டா?” என்று கேட்பது நன்று.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்களுக்கு இவ்வடையாளங்களுள் முதலாவது தோன்றாமலே போகலாம். வலியில்லை என்பது அவர்கள் விஷயத்தில் ஆறுதல் ஆகாது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரிவதில்லை

எக்ஸ்ரே கதிர் உடம்பினூடே செல்லும்போது, அடர்த்தி மிகுந்த பொருளில் தடைபட்டு நிழல் விழச் செய்கிறது. எலும்பிற் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அது வெள்ளையாய்த் தெரிகிறது. அவ்வாறே உலோகம், கல், சிப்பி ஓடு ஆகியவையும் தெரியும். கண்ணாடி தெரியாது என்று பலர் எண்ணுவது தவறு. மிக நுண்ணிய தூள் ஒழிய எவ்வகைக் கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். திருக்கையின் முள்ளும் கெளுத்தியின் தடித்த முள்ளும் சுண்ணாம்பு கலந்தவையாதலால் பெரும்பாலும் அகப்படும். மெல்லிய மீன்முட்கள் தப்பிவிடலாம்.

மரமோ அப்படியன்று. ஈரத்தில் ஊறின மரத்துண்டுக்கும் அதனைச் சூழ்ந்த தசைக்கும் கதிரைத் தடுக்கும் ஆற்றலில் அதிக வேற்றுமையில்லை. ஆகையால் நிழல் பிரிந்து விழுவதில்லை. கையில் அந்நியப் பொருள் தங்கின 200 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1982-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மரத்துண்டுகளுள் 100-க்கு 15 அளவே எக்ஸ்ரேயிற் புலப்பட்டன. அந்த 200 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு, முதலிற் பார்த்த வைத்தியர் உள்ளே பொருள் இருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

இதனால் எக்ஸ்ரே வேண்டாம் என்பது கருத்தன்று. குத்தினது இன்னதென்று தெரியாதபோதும், ஏரிநீரில் குத்துப்பட்டபோதும், எலும்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியபோதும் அதுவே முதலில் எடுக்கத்தக்கது. முள் என்று நிச்சயமாய்த் தெரிந்த இடத்தில், அதனோடு நிறுத்திவிடக்கூடாது என்பதே கூறவந்தது.

ஒலியாற் காணும் முறை

முள்ளைக் காண்பதற்கு ஏற்றது, அல்ட்ராசவுண்டு என்னும் செவிக்குக் கேளாத ஒலியைக் கொண்டு எடுக்கும் படமாகும். கடலுக்குச் செல்லும் படகுகளில் ஆழமும் மீன்திரளும் அறிய வைத்திருக்கும் எதிரொலிக் கருவியை நம் மீனவர்கள் அறிவார்கள். அதே தத்துவம் இங்கும் உள்ளது. கருவியிலிருந்து ஒலியலை தோலுக்குள் செல்கிறது. தசையின் தன்மையினின்று மாறுபட்ட பொருள் எதிர்ப்பட்டவுடன் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு ஆழமும், அதன் வலிமையைக் கொண்டு வெண்மையும் திரையில் வரையப்படுகின்றன.

மரம் ஒலியை நன்றாகத் திருப்பியனுப்பும். ஆகையால் எக்ஸ்ரேயில் மறைந்த முள், இப்படத்தில் ஒளிமிக்க வெண்கோடாகத் தோன்றும். ஒலி அதனைக் கடந்து செல்லாமையால், கோட்டின் பின்புறம் கருநிழல் நீளும். குத்திச் சில நாட்களான முள்ளைச் சுற்றி, நீரும் சீழும் புதுத்தசையும் சேர்ந்த கருவளையம் ஒன்றும் காணப்படும். வெண்கோடு, கருநிழல், கருவளையம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் ஐயத்திற்கு இடமில்லை.

இதில் கருவியின் தேர்வு முக்கியமானது. கருப்பிணிகளுக்கும் வயிற்றுநோய்க்கும் பயன்படுத்தும் வளைந்த முகமுள்ள கருவி 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வில் வேலை செய்யும். அது ஆழமாய்ப் பார்க்குமேயன்றி நுண்ணியதைப் பிரித்துக் காட்டாது. முள்ளுக்கு வேண்டியது, தட்டையான நேர்முகம் உடையதும் 7.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு உடையதுமான கருவி. 10 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் தசையினுள் சுமார் 0.15 மில்லிமீட்டரே ஆவதால், 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டும் அகப்படக்கூடும். இக்கருவி 3, 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நன்றாகக் காட்டாது. கைக்கும் பாதத்துக்கும் அவ்வளவே போதும்.

விரலைப்போல் மேடுபள்ளமான இடங்களில் கருவி சரியாய்ப் பதியாது. அப்பொழுது கையை ஒரு தொட்டி நீரில் அமிழ்த்தி, கருவியைத் தோலிற் படாமல் சற்று உயரே நீருக்குள் வைத்துப் பார்ப்பதுண்டு. நீர் ஒலியை நன்கு கடத்துவதாலும், வலிக்கும் இடத்தை அழுத்த வேண்டியதில்லையாதலாலும் இம்முறை நோயாளிக்குச் சுகமானது.

ஒரு மாதிரி நிகழ்ச்சி

இவ்விஷயம் நடைமுறையில் எவ்வாறு நிகழும் என்பதை விளக்க, மாதிரியாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருப்பாலைவனத்தையடுத்த ஒரு வயலில், சம்பா நடவுக்குமுன் வரப்போரத்து வேலிக்காத்தானை அகற்றும் ஓர் ஆளுக்கு, இடது உள்ளங்கையில், மோதிரவிரலின் அடியில் முள் ஏறுகிறது. அவன் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடர்கிறான். பிடுங்கின முள் 19 மில்லிமீட்டர், நுனி மழுங்கியிருக்கிறது. கணுவில் நின்ற இணைமுள் 28 மில்லிமீட்டர். ஆக 9 மில்லிமீட்டர் குறைகிறது.

மூன்றாம் நாள் உள்ளங்கை வீங்குகிறது. ஐந்து நாள் மாத்திரையில் வீக்கம் வடிகிறது. பதினைந்தாம் நாள் மீண்டும் வீங்குகிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள்; எலும்பு சுத்தமாயிருக்கிறது; வேறொன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் வழி பிரிகிறது. படத்தை நம்பி வீட்டுக்குத் திரும்பினால், விரலை மடக்கும் நரம்புப் பட்டையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி பரவி, விரல் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இரண்டு முட்களையும் வைத்தியரிடம் காட்டி, “9 மில்லிமீட்டர் காணவில்லை” என்று சொன்னால், அவர் ஒலிப்படம் எடுக்க அனுப்புவார்.

ஒலிப்படத்தில், தோலுக்கு 6 மில்லிமீட்டர் கீழே, மடக்கும் பட்டைக்குப் பக்கத்திற் சாய்வாக, 9 மில்லிமீட்டர் நீளமுள்ள வெண்கோடு கருவளையத்தோடு தெரிகிறது. கருவியைப் பிடித்தபடியே, தோலின்மேல் முள்ளின் இரு முனைகளுக்கும் நேராக மையினால் புள்ளியிடுகிறார்கள். ரண சிகிச்சை செய்பவர் கையை மரத்துப்போகச் செய்து, மேற்கையில் பட்டை கட்டி இரத்தம் வராமற் செய்து, அந்தப் புள்ளிகளின் வழியே கீறி, முள்ளை அதன் நீளவாட்டில் எடுக்கிறார். எடுத்ததை அளந்து பார்க்கிறார். 9 மில்லிமீட்டர் இருக்கிறது. காணாமற்போன அளவும், படத்தில் கண்ட அளவும், கையில் வந்த அளவும் ஒத்திருப்பதால் மிச்சம் ஏதும் இல்லை என்று துணியலாம். அளவு குறைந்திருந்தாலோ, காயத்தை மூடுமுன் மறுபடியும் ஒலிப்படம் பார்ப்பார்.

படமின்றிக் கீறித் தேடுவது எளிதன்று. தசைக்குள் ஊறின முள் தசையின் நிறத்தையே பெற்றிருக்கும். தேடுவோர் கத்தி நரம்பிலும் பட்டையிலும் படக்கூடும். முள்ளும் தள்ளப்பட்டு ஆழத்திற் போய்விடும். ஊரில் ஊசியாலும் பிளேடாலும் ஆழமாய்க் குடைவதன் கெடுதி இதுவே. தோலின் மேற்பரப்பில் நுனி தெரியும் முள்ளைச் சுத்தமான இடுக்கியால் குத்தின திசையிலேயே இழுப்பது வேறு. தெரியாத முள்ளைத் தேடிக் குடைவது வேறு. சிம்பு ஏறின இடத்தை நெடுநேரம் நீரில் ஊறவைப்பதும் கூடாது; மரம் உப்பி மெதுவாகி, இழுக்கும்போது பிய்ந்துவிடும்.

ஒலிப்படத்தின் குறைகள்

ஒலிப்படமும் தவறாத சாட்சியன்று. குத்தின அன்றே எடுத்தால், புண்ணின் வழியே புகுந்த காற்றுக் குமிழிகளும் வெள்ளையாய்த் தெரிந்து முள்ளை மறைக்கும் அல்லது முள்போலவே தோன்றும். கருவளையமும் அப்பொழுது உண்டாகியிராது. எலும்புக்கு அப்புறத்திலோ, உள்ளங்கை எலும்புகளின் இடுக்கிலோ முள் இருந்தால் ஒலி அங்கே எட்டாது. பழைய தழும்பும் சிறு எலும்புத் துணுக்கும் முள்ளைப்போல் ஏமாற்றக்கூடும். பார்ப்பவரின் பழக்கமும் ஒரு காரணம். இவ்வகைப் படங்களிற் பழகியவர், வலிக்கும் புள்ளியை நோயாளியிடமே காட்டச்சொல்லி, குறுக்கிலும் நெடுக்கிலும் மெதுவாகத் தேடுவார். ஆகவே முதற்படத்தில் ஒன்றும் அகப்படாமல், அடையாளங்கள் மட்டும் தொடர்ந்தால், ஒருவாரம் கழித்து மீண்டும் பார்ப்பது தகும்.

மூட்டுக்குள்ளும் எலும்பை ஒட்டியும் ஆழத்திற் புதைந்த முள்ளுக்கு எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம் உதவும். அதில் முள் கருங்கீற்றாகவும், சுற்றியுள்ள அழற்சி வெளுத்தும் காணும். இரும்புத்துண்டு உள்ளே இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதனை முன்னரே சொல்லவேண்டும். காந்தம் அதனை அசைத்துவிடும். சி.டி. ஸ்கேனில் உலர்ந்த மரம் காற்றுக்குமிழி போலக் கறுத்துத் தெரிவதால், பார்ப்பவர் அதனைக் காற்று என்றே விட்டுவிட இடமுண்டு. நாளாக ஆக மரம் ஊறி அதன் தோற்றமும் மாறும். இவை இரண்டும் பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைப்பவை. ஒலிப்படமே முதலில் தேடத்தக்கது.

கவனியாது விட்டால்

முள்ளோடு மண்ணிலுள்ள காளானும் கிருமியும் உள்ளே போகின்றன. நெடுநாள் கவனியாத பாதம் பெருத்து, பல துவாரங்கள் விழுந்து, அவற்றின் வழியே குருணைபோன்ற மணிகள் கசியும் நோய் ஒன்றுண்டு. மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்னும் வைத்தியர் 1842-ல் இதனை எழுதிவைத்தபடியால், உலகமெங்கும் இதற்கு “மதுராக் கால்” என்ற பெயர் வழங்குகிறது. வெறுங்காலோடு வயலில் நடப்போருக்கே இது மிகுதியாய் வருகிறது; தொடக்கத்தில் வலியற்ற முண்டாகவே தோன்றும். முற்றினால் எலும்பையும் அரித்து, காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவரும். எல்லா முள்ளும் இந்நோயைத் தருவதில்லை. ஆயினும் பாதத்தில் ஆறாத முண்டு உள்ள ஒருவனை ஒலிப்படத்துக்கு அனுப்ப இதுவும் போதிய காரணமாகும்.

நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் செய்யத்தக்கவை

முள்வெட்டும் வேலைக்கு ஆள் விடுமுன் தடித்த அடியுள்ள செருப்பும் தோல் கையுறையும் கொடுப்பது நன்று. முள் குத்தினால் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவச் செய்து, பிடுங்கின முள்ளையும் அதன் இணையையும் ஒரு காகிதத்தில் மடித்து, தேதி எழுதி வைக்க வேண்டும். ஜன்னி வராமற் காக்கும் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், மண்பட்ட காயத்துக்கு மீண்டும் ஒன்று போடுவிப்பது முறை. பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கேட்கலாம். ஏரிநீரிற் குத்தின காயம் சில மணி நேரத்திலேயே கறுத்துக் கொப்புளித்துக் காய்ச்சலும் கண்டால், படத்துக்காகக் காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் வீங்கி, பாதி மடங்கி, நிமிர்த்தினால் பொறுக்கமுடியாத வலி காண்பதும் அவ்வாறே அவசரமானது.

மற்றவர்களுக்கு அவசரமில்லை, ஆயினும் கெடு உண்டு. இரண்டு வாரத்தில் ஆறாத, அல்லது ஆறி மீண்டும் வீங்கின முள்காயத்தை, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்னேரி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. அங்கே மூன்று செய்திகளைச் சொல்லச் செய்க: குத்தினது இன்ன மரத்து முள், குத்தின தேதி இது, நுனியில் இவ்வளவு குறைகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால், “மர முள்ளாயிற்றே, கைக்குரிய நேர்முகக் கருவியால் ஒலிப்படம் பார்க்கலாமா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். அங்கே அக்கருவியோ அதிற் பழகியவரோ இல்லையெனில், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேட்கலாம். காகிதத்தில் மடித்த அந்த இரண்டு முட்களையும் கூடவே அனுப்புக.